திரையின் நிறவெளிச்சச் சோதனை, நேரடி வீடியோவில் மாற்றிய முகத்தைப் பிடிக்குமா?

கடலோரக் கணக்காளர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மூதூர், சம்பூர், குச்சவெளிப் பகுதிகளில் இருக்கும் எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொரு சிறு அலுவலுக்கும் நகருக்கு வரவேண்டியிருப்பதால், கைத்தொலைபேசி மூலமே ஆளை உறுதிசெய்து கடன் விண்ணப்பத்தை ஏற்கும் முறையைக் கொண்டுவர நிர்வாகக் குழு விரும்புகிறது. இதற்கு இரண்டு நிறுவனங்கள் விலைகோரல் தந்துள்ளன. ஒன்றின் செயலி தலையைத் திருப்பவும் கண் இமைக்கவும் சொல்கிறது. மற்றையது முகத்தை ஒரு நீள்வட்டத்துக்குள் வைக்கச் சொல்லி, திரை முழுவதையும் சிவப்பு, நீலம், பச்சை என மாறி மாறி ஒளிரச் செய்கிறது.

வேறொருவர் தன் முகத்தின்மேல் எங்கள் உறுப்பினரின் முகத்தை நேரடி வீடியோவிலேயே பொருத்திக்கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று இரண்டாவது நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்டேன். "போலி முகத்தில் உண்மையான வெளிச்சம் விழாது, ஆகவே உடனே பிடிபடும்" என்றார். இந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே என் கேள்வி.

உவர்மலை நிரலாளர்

அந்தப் பதிலில் பாதிதான் சரி, அண்ணா. மற்றப் பாதிதான் உங்களுக்குத் தேவையான பாதி. நான் சில காலம் வெளிநாட்டில் இத்தகைய அடையாளச் சோதனை மென்பொருள் ஒன்றின் சர்வர் பக்கத்தில் வேலை செய்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நிறவெளிச்சச் சோதனை முதலில் எதற்காக வந்தது என்று பார்ப்போம். நிறங்களின் வரிசையைச் செயலி தானாக முடிவுசெய்வதில்லை. ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாக ஒரு வரிசையை அனுப்புகிறது. நான்கு நிறங்கள், ஆறு படிகள், அடுத்தடுத்து ஒரே நிறம் வராது என்று வைத்துக்கொண்டால் 972 வரிசைகள் சாத்தியம். நேற்றே பதிந்து வைத்த வீடியோவை இன்று காட்டுபவருடைய வீடியோவில் இன்றைய வரிசை இருக்காது. அச்சிட்ட படத்தைப் பிடிப்பவருக்கோ, மூக்கிலும் கன்னத்திலும் கண்குழியிலும் வெவ்வேறு அளவில் விழவேண்டிய ஒளி தட்டையாக ஒரே அளவில் விழும். இந்த இரண்டு மோசடிகளுக்கும் இது மிகவும் வலுவான சோதனை.

நீங்கள் கேட்டது மூன்றாவது வகை. அதில் கமராவுக்கு முன்னால் உண்மையாகவே உயிருள்ள ஒருவர் அமர்ந்திருக்கிறார். திரையின் சிவப்பும் நீலமும் அவருடைய கன்னத்தில் முறைப்படி விழுகின்றன. முகமாற்று மென்பொருள் வீடியோவின் ஒவ்வொரு பிரேமையும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்தையும், எடுத்து, அவருடைய பாவனை, தலையின் கோணம், ஒளி ஆகியவற்றைக் கூடியவரை காப்பாற்றிக்கொண்டு, முக அமைப்பை மட்டும் மாற்றுகிறது. ஒளியைக் காப்பாற்றுவதுதான் நல்ல முகமாற்று மென்பொருளின் இலக்கணம். இல்லாவிட்டால் சாதாரண அறையிலேயே அது ஒட்டுப்போட்டது போலத் தெரியும். ஆகவே அடியிலிருப்பவரின் முகத்தில் விழுந்த நிறம் மேலே பொருத்திய முகத்துக்கும் ஓரளவு கடந்து வந்துவிடும்.

இதயத்துடிப்பிலும் இதே கதைதான் நடந்தது. இரத்த ஓட்டத்தால் தோலில் ஏற்படும் நுண்ணிய நிறமாற்றம் போலி முகத்தில் இருக்காது என்று பலர் நம்பியிருந்தார்கள். அடியிலிருந்தவரின் துடிப்பே போலி வீடியோவிலும் தெரிகிறது என்று பேர்லினில் உள்ள ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள். "உயிருள்ள ஒருவர் இருக்கிறாரா" என்ற கேள்விக்கு முகமாற்று வீடியோ தரும் விடை எப்போதும் "ஆம்" என்பதுதான்.

துறைமுக வீதி

இவ்வளவு சிக்கல் தேவையில்லை என்று நினைக்கிறேன். முகத்தை முழுவதுமாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், அல்லது கையை முகத்துக்குக் குறுக்கே அசைக்கச் சொல்லுங்கள். முகம் உடைந்துவிடும். நானே ஒரு நண்பரின் கணினியில் பார்த்திருக்கிறேன்: காது தெரியும் அளவுக்குத் திரும்பியதும் கன்னம் கலங்கி, ஒரு கணம் அவருடைய சொந்த முகமே வெளியே வந்துவிட்டது. அந்த வகையில் முதலாவது நிறுவனத்தின் சோதனையே போதும்.

உவர்மலை நிரலாளர்

நீங்கள் பார்த்தது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. இம்மென்பொருள்கள் முதலில் கண், மூக்கு, வாய்மூலை ஆகிய புள்ளிகளைக் கண்டுபிடித்து, முகத்தை நேராக்கி வெட்டியெடுத்து, மாற்றிய பின் திரும்ப ஒட்டுகின்றன. முழுப் பக்கவாட்டில் ஒரு கண் மறைந்துவிடுவதால் புள்ளிகள் தடுமாறுகின்றன. பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களிலும் பக்கவாட்டு முகங்கள் குறைவு. முகமே அகப்படாத பிரேமைப் பல மென்பொருள்கள் தொடாமல் அப்படியே அனுப்பிவிடுகின்றன. உங்கள் நண்பரின் சொந்த முகம் எட்டிப்பார்த்தது அதனால்தான்.

ஆனால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்தக் கணத்தை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், செயலி பார்க்குமா? பல செயலிகள் வீடியோவிலிருந்து மிகத் தெளிவான ஒரு பிரேமை மட்டும் எடுத்து அடையாள அட்டைப் படத்துடன் ஒப்பிடுகின்றன, தலை திரும்பியதா என்பதைத் தனியாகச் சரிபார்க்கின்றன. திரும்பியவர் ஒருவராகவும் ஒப்பிடப்பட்டவர் வேறொருவராகவும் இருப்பதை அத்தகைய செயலி அறியாது. ஆகவே எல்லாப் பிரேம்களிலும் இருப்பது ஒரே ஆளா என்று ஒப்பிடுகிறார்களா என முதலாவது நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இரண்டாவது, கை குறுக்கே வரும்போது அந்தப் பகுதியை அடையாளங்கண்டு விலக்கும் வசதி இப்போதைய மென்பொருள்களில் சேர்க்கப்பட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் நிச்சயமாக இருந்த பலவீனம் இன்று சந்தர்ப்பத்தைப் பொறுத்த பலவீனமாகிவிட்டது.

கிண்ணியாக் கரை

இதைப் பற்றித்தான் நானும் கேட்க இருந்தேன். கட்டாரில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவருடைய முகத்துடன் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்து, அவசரமாகப் பணம் கேட்டார்கள். குரல் சற்று வேறாக இருந்ததால் அனுப்பவில்லை. ஹொங்கொங்கில் 2024இல் ஒரு நிறுவனத்தின் ஊழியர், வீடியோக் கூட்டத்தில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசியதாக நம்பி 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பியதும் இந்தச் சோதனை தோற்றதால்தானே?

உவர்மலை நிரலாளர்

இல்லை நானா, அந்த இடத்தில் எந்தச் சோதனையும் இருக்கவில்லை. அங்கே ஏமாந்தது ஒரு மனிதரின் கண். வாட்ஸ்அப் அழைப்பிலும் அப்படித்தான்: எதிர்முனையில் இருப்பவருடைய திரையையும் கமராவையும் கட்டுப்படுத்த உங்களுக்கு எந்த வழியும் இல்லை. நீங்கள் அழைப்பைத் துண்டித்து, உறவினரின் பழைய இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேட்பதுதான் அங்கே சரியான வழி.

கணக்காளர் அண்ணாவின் கேள்விக்கு நெருக்கமான வழக்கு வேறொன்று. ஷாங்காயில் இருவர் சீன வரித்துறையின் முக அடையாள முறைமையை ஏமாற்றி, போலிப் பற்றுச்சீட்டு நிறுவனம் நடத்தியது 2021இல் செய்தியானது. பற்றுச்சீட்டுகளின் மொத்தப் பெறுமதி 50 கோடி யுவானுக்கு மேல். அவர்கள் பிறருடைய தெளிவான புகைப்படங்களை விலைக்கு வாங்கி, தலையாட்டி, இமைத்து, வாய் திறக்கும் வீடியோக்களாக மாற்றினார்கள். அந்த வீடியோவைக் கமராவுக்கு முன்னால் காட்டவேயில்லை என்பதுதான் முக்கியம். கமராவைக் கடத்தும்படி மாற்றியமைத்த கைத்தொலைபேசி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். செயலி கமராவைத் திறந்ததாக நினைத்தது. அதற்குக் கிடைத்ததோ தயாரித்து வைத்த வீடியோ.

நேரடி முகமாற்றமும் இதே வாசலால்தான் உள்ளே வருகிறது. கணினி உலாவியில் அது எவ்வளவு எளிது என்பதைக் காட்ட, `getUserMedia` தந்த வீடியோ ஏற்கனவே `stream` என்ற பெயரில் இருக்கிறது என்று வைத்து இரண்டு வரிகள்:

```js
const t = stream.getVideoTracks()[0];
console.log(t.label, t.getSettings());
```

சாதாரண மடிக்கணினியில் இது உள்ளேயிருக்கும் கமராவின் பெயரைக் காட்டும். உண்மையான கமராவுக்குப் பதிலாக வேறொரு வீடியோவைத் தரும் மென்பொருள் கமராவைத் தெரிவுசெய்திருந்தால் `OBS Virtual Camera` போன்ற பெயர் வரும். இதைப் பார்த்துத் தடுக்கும் செயலிகள் இருக்கின்றன, ஆனால் பெயரை மாற்றி வைத்துக்கொள்வது கடினமல்ல. இந்தக் காரணத்தால் உலாவி வழியாகச் சோதனை செய்யும் எந்த முறையையும் உங்கள் கடன் விண்ணப்பத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கடலோரக் கணக்காளர்

மிகவும் பயனுள்ள விளக்கம். அப்படியானால் நிறவெளிச்சச் சோதனைக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லையா? மேலும், அந்த நிறுவனம் ஐஎஸ்ஓ 30107-3 சோதனையில் தேறியதாகச் சான்றிதழ் காட்டுகிறது.

உவர்மலை நிரலாளர்

பொருள் உண்டு, ஆனால் அது தனியாக நின்று வேலை செய்வதில்லை. சான்றிதழைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 30107-3 பரிசோதிப்பது கமராவுக்கு முன்னால் காட்டப்படும் பொருட்களை: அச்சுப்படம், திரை, முகமூடி. கமராவைத் தாண்டி உள்ளே செலுத்தப்படும் வீடியோ அந்தத் தரநிலையின் எல்லைக்குள் வராது. அதற்கென்று ஐரோப்பாவில் சிஇஎன்/டிஎஸ் 18099 என்ற தனி ஆவணம் 2024இல்தான் வந்தது. சான்றிதழ் உண்மையானதாக இருந்தும் உங்கள் கேள்விக்கு விடையாகாமல் போவது இதனால்தான்.

இப்போது மோசடிக்காரரின் இடத்தில் நின்று பார்ப்போம். அவருக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, மாற்றிய வீடியோவை நேரடியாகச் செயலிக்குள் செலுத்துவது. இதை அடைக்க வேண்டியது ஒளியல்ல, கருவி பற்றிய உறுதிப்பாடு. ஆண்ட்ரொய்டில் பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவையும் ஐபோனில் அப் அட்டெஸ்ட் என்ற சேவையும் உள்ளன. செயலி மாற்றப்படாதது என்பதற்கு இவை கையெழுத்திட்ட சான்று ஒன்றை சர்வருக்குத் தருகின்றன. கருவியின் அடிப்படை மென்பொருளின் பூட்டு உடைக்கப்படாதது என்பதையும் ஆண்ட்ரொய்டின் சேவை சொல்கிறது. ஆண்ட்ரொய்டில் `MEETS_STRONG_INTEGRITY` என்று வந்தால், அந்தச் சான்று கருவியின் வன்பொருளையே ஆதாரமாகக் கொண்டது. கமராவைக் கடத்துவதற்குப் பொதுவாகக் கருவியை உடைத்தாக வேண்டியிருப்பதால், இந்தச் சான்றைக் கண்டிப்பாகக் கேட்டால் அவருடைய வேலை பலமடங்கு கடினமாகும்.

அந்த வாசல் அடைபட்டால், உடைக்காத நல்ல கைத்தொலைபேசி ஒன்றை எடுத்து, மாற்றிய முகம் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கணினித் திரைக்கு முன்னால் பிடிப்பதே அவருக்கு எஞ்சும் வழி. நிறவெளிச்சம் தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். தொலைபேசியின் ஒளி இப்போது முகத்தில் விழாமல் கண்ணாடித் திரையில் விழுகிறது. கூட்டாளியைக் கொண்டு அதே நிறங்களைக் கணினிக்கு முன்னால் இருப்பவர் முகத்திலும் பாய்ச்சலாம், ஆனால் அதில் தாமதம் கூடும், கணினித் திரையின் ஒளியும் பிக்சல் கோடுகளும் சேர்ந்து பதிவாகும். ஆகவே கருவிச் சான்று இல்லாமல் நிறவெளிச்சத்தை மட்டும் வாங்கினால் முதல் வாசல் திறந்தே கிடக்கும். நிறவெளிச்சம் இல்லாமல் கருவிச் சான்றை மட்டும் வாங்கினால் இரண்டாவது வாசல்.

நிலாவெளிப் படப்பிடிப்பாளர்

ஒளியோடு தினமும் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். முதல் வாசலால் வரும் முகமாற்றத்தில் அடியிலிருப்பவரின் நிறம் கடந்து வரும் என்றீர்கள். ஆனால் மென்பொருள் முகத்தை மட்டுமே மாற்றுகிறது, கழுத்தும் காதும் மாறுவதில்லை. ஒரே விளக்கின் கீழ் முகமும் கழுத்தும் வேறுவேறாகப் பதிவானால் எங்களுக்கு உடனே கண்ணில் படும். அதைக் கணினியும் பார்க்கலாமே?

உவர்மலை நிரலாளர்

மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். முகமாற்றத்துக்கு எதிராக நிறவெளிச்சம் தரும் உண்மையான தடயம் அதுதான். அடர்ந்த நீலமும் சிவப்பும் மாறிமாறி விழும் முகங்களை அம்மென்பொருள்கள் பயிற்சியில் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே நிறம் கடந்து வந்தாலும் மங்கலாக, சராசரியாக்கப்பட்டு வருகிறது. கழுத்தில் நீலம் முழு அளவில் ஏறியிருக்க, கன்னத்தில் அதன் ஒரு பங்குதான் ஏறியிருக்கும். மூக்கோரத்து நிழல் நகரவேண்டிய அளவு நகராது. முழுப் பிரேமும் சேர்ந்தே தாமதமாவதால் முகத்துக்கும் கழுத்துக்கும் நேரத்தில் வேறுபாடு இருக்காது, அளவில்தான் வேறுபாடு.

இன்னொரு தடயம் கூர்மை. பரவலாகப் புழங்கும் ஒரு முகமாற்று மாதிரி தருவது 128க்கு 128 பிக்சல் அளவுள்ள முகம். 720 பிக்சல் அகலமான வீடியோவில் நீள்வட்டத்தை நிரப்பும் முகம் 450 பிக்சல் அளவில் இருந்தால், அந்தச் சிறு முகத்தை மூன்றரை மடங்கு பெருக்கித்தான் ஒட்ட வேண்டும். தோலின் துளைகள் கரைந்துபோகும், அல்லது கூர்மையாக்கும் மென்பொருள் இல்லாத துளைகளை வரையும். கழுத்தோ உள்ளபடி இருக்கும். செயலி "இன்னும் அருகில் வாருங்கள்" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே வீடியோவின் தரத்தைக் குறைத்து அனுப்புவார்கள். "சிக்னல் குறைவு, போகட்டும்" என்று மங்கலான வீடியோவை ஏற்கும் முறைமையில் இந்தத் தடயங்கள் எதுவும் மிஞ்சாது.

மூதூர் ரீச்சர்

இங்கே எல்லோரும் மோசடிக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அப்பாவின் கதையைக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் செயலியில் இந்த நிறவெளிச்சச் சோதனை அவரை ஏற்கவேயில்லை. அவர் கடலில் தொழில் செய்தவர், நல்ல கறுப்பு. வீட்டில் சிக்னல் கிடைப்பது முன் விறாந்தையில் மட்டும் என்பதால் அங்கே, பகல் வெளிச்சத்தில்தான் நின்றார். "மீண்டும் முயற்சிக்கவும்" என்பதைத் தவிர அந்தச் செயலி ஒரு காரணமும் சொல்லவில்லை. கடைசியில் தான் ஏதோ குற்றம் செய்ததுபோல அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். இந்தச் சோதனை எங்களைப் போன்றவர்களின் தோலைப் பார்த்துத்தான் செய்யப்பட்டதா?

நிலாவெளிப் படப்பிடிப்பாளர்

ரீச்சர், விறாந்தைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 சென்ரிமீற்றர் அகலமும் 14 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள திரை 500 நிட் பிரகாசத்தில் வெள்ளையாக ஒளிர்ந்தால், 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும் முகத்தில் ஏறத்தாழ 55 லக்ஸ் விழும். தனி நிறமென்றால் அதிலும் குறைவு. பகலில் திறந்த விறாந்தையில் 2000 லக்ஸ் என்று வைத்தாலும், திரை சேர்ப்பது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அறைக்குள் 150 லக்ஸில் அதே திரை மூன்றில் ஒரு பங்கு சேர்க்கும். தூரத்தை 20 சென்ரிமீற்றராகக் குறைத்தால் இரண்டே கால் மடங்காகும். தோல் கறுப்பாக இருந்தாலும் சூழல் ஒளியும் திரை ஒளியும் ஒரே விகிதத்தில் குறைவதால், தோலின் நிறம் இதைப் பெரிதாகப் பாதிக்காது.

உவர்மலை நிரலாளர்

விறாந்தைக் கணக்கு முற்றிலும் சரி. கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். விகிதம் மாறாது என்பது உண்மை. ஆனால் கறுப்புத் தோலிலிருந்து கமராவுக்குத் திரும்பும் ஒளி குறைவு. கமரா அதைப் பெருக்கும்போது புள்ளிபுள்ளியான இரைச்சலும் பெருகுகிறது, நூற்றுக்கு மூன்று பங்கு மாற்றம் அதற்குள் மூழ்கிவிடுகிறது. தோலுக்குக் கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாக உறிஞ்சுவதால் நீலப் படியில் இது இன்னும் மோசம். ஆகவே ரீச்சரின் கேள்வி நியாயமானது. பல இனத்தவர் முகங்களில் சோதித்து, உண்மையானவர்களைத் தவறாகத் தள்ளும் விகிதத்தைத் தோலின் நிறம்வாரியாகத் தரும்படி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். மொத்தச் சராசரி ஒன்றை மட்டும் காட்டினால் அது ரீச்சரின் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லாது.

வெளிச்சம் அதிகமென்று செயலி முதலிலேயே அளந்து, உள்ளே போகச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் தோல்வி என்று காட்டியது அந்தச் செயலியைச் செய்தவர்களின் குறை.

துறைமுக வீதி

கருவிச் சான்றும் இதே ஆட்களைத்தான் தள்ளும். கிராமங்களில் பலர் வைத்திருப்பது பழைய ஆண்ட்ரொய்ட், சில கடையில் மென்பொருள் மாற்றப்பட்டவை. `MEETS_STRONG_INTEGRITY` கண்டிப்பென்றால் அவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? மோசடிக்காரர் நல்ல தொலைபேசி வாங்கிக்கொள்வார், சம்பூரில் இருப்பவர் வாங்கமாட்டார்.

கடலோரக் கணக்காளர்

துறைமுக வீதித் தம்பி சொல்வது எங்கள் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாலே புரியும். இப்போதைக்கு நான் குழுவுக்கு எழுதப்போவது இதுதான். இரு நிறுவனங்களும் தங்கள் செயலியை எங்களிடம் ஒரு மாதம் தர வேண்டும். மென்பொருள் கமராவுடனும், உடைத்த தொலைபேசியுடனும், கணினித் திரைக்கு முன்னால் பிடித்தும் நாங்கள் சோதிப்போம். மூதூரிலும் குச்சவெளியிலும் உறுப்பினர்களைக் கொண்டு அறைக்குள்ளும் விறாந்தையிலும் சோதிப்போம். கருவிச் சான்று கிடைக்காதவர்களைத் தள்ளிவிடாமல், எங்கள் களஉத்தியோகத்தர் வாராந்தம் போகும் இடத்தில் நேரில் உறுதிசெய்யலாம்.

உவர்மலை நிரலாளர்

அந்த ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் கவனியுங்கள், அண்ணா. சான்று இல்லாத கருவிக்குச் சிறு தொகையென்றால் பரவாயில்லை என்று யாராவது குழுவில் சொல்வார்கள். அப்படி ஒரு எல்லை வைத்தால், எல்லைக்குச் சற்றுக் கீழே பல விண்ணப்பங்கள் ஒரே கருவியிலிருந்து வருகின்றனவா என்று சர்வர் பார்க்க வேண்டும். நேரடி முகமாற்றம் செய்பவர் முகத்தை மாற்றுவார். தொலைபேசியை அவ்வளவு எளிதில் மாற்றமாட்டார்.

மூதூர் ரீச்சர்

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி எல்லோரும் விண்ணப்பிப்பது என்னுடைய ஒரே தொலைபேசியிலிருந்துதான். அப்போது எங்களையும் அந்தச் சர்வர் மோசடிக்காரர் என்று எண்ணுமா?

உவர்மலை நிரலாளர்

எண்ணக்கூடும், ரீச்சர். ஒரே விலாசம், ஒரே குடும்பப் பெயர் என்று சில விலக்குகளை வைக்கலாம், ஆனால் அவற்றையும் பொய்யாக நிரப்ப முடியும். இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஒரு கருவிக்கு நான்கு பேர் என்று எல்லை வைத்து, ஐந்தாவது ஆளைக் களஉத்தியோகத்தரிடம் அனுப்புவதைத்தான் நான் முதலில் முயன்று பார்ப்பேன்.